அறுபதாண்டு வட்டப் பெயரும் பிறப்பாண்டுத் துணிபும்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வாழ்ந்த புலவர் பெருமக்களின் வரலாற்றைத் தொகுக்கப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படும் தடை ஆண்டுக் கணக்கே ஆகும். ஏட்டின் இறுதியிலோ பழைய சாதகக் குறிப்பிலோ ‘ஆனந்த வருஷம் மாசி மாதம்’ என்ற அளவில் பிறப்பு எழுதப்பட்டிருக்கும். சக ஆண்டும் இராது. ஆங்கில ஆண்டும் இராது. எழுதியவர்க்கும் அவர் காலத்தார்க்கும் அப்பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. நமக்கு அது போதாது. ஏனெனில் அப்பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவது. எனவே பெயரைக் கி.பி. ஆண்டாக மாற்றுவதில் இரண்டு வினாக்கள் உள்ளன. வட்டத்துள் அப்பெயர் எந்த இடத்தது என்பது ஒன்று. எந்த வட்டத்தது என்பது மற்றொன்று. முதல் வினா எளிது. ஆயினும் அதில் ஓராண்டுப் பிழை மிக இயல்பாக நேர்கிறது. இரண்டாம் வினா அரிது. அதற்குச் சான்று வேண்டும். இவ்விரண்டையும் நன்கறிந்த ஒரு பிறப்பைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் இளமை இப்பகுதியோடு பெரிதும் பிணைந்தது. அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் தம் இசைப் புலமையால் அரியலூரில் ஆதரவு பெற்றிருந்தார். ஐயரவர்கள் சிறுவயதில் அரியலூரிலும், பின்னர்க் குன்னத்திலும் தங்கிப் பயின்றார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் கேட்டதும் இப்பகுதியிலேதான். அவர் பிறந்தது ஆனந்த ஆண்டு மாசி மாதம். அதற்கு ஒத்த ஆங்கில நாள் 19-2-1855 என்பது யாவரும் அறிந்தது. விடை தெரிந்த கணக்கு இது. ஆதலால் வழியைச் சோதிப்பதற்கு ஏற்றது.

வட்டத்துள் இடம் காணல்

அறுபது பெயர்களுள் பிரபவ முதலாவது, அட்சய அறுபதாவது. தமிழ்நாட்டில் வழங்கும் வட்டங்கள் 1807, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரை முதல் நாளில் தொடங்கியவை. இதனைச் சுருக்கமான விதியாகக் கூறுவதாயின், பெயரின் வரிசை எண்ணோடு 1806, 1866, 1926, 1986 ஆகியவற்றுள் பொருந்துவதொன்றைக் கூட்டினால் அவ்வாண்டு தொடங்கிய கி.பி. ஆண்டு கிடைக்கும் எனலாம். இதனைத் திருப்பியும் செய்யலாம். கி.பி. ஆண்டில் 6 கழித்து, 60 ஆல் வகுக்க வரும் மீதியே பெயரின் வரிசை எண். மீதி இல்லையாயின் அது அட்சய. ஆனந்த நாற்பத்தெட்டாவது பெயர். 1806 உடன் 48 கூட்ட 1854 ஆகிறது. 1854 இல் 6 கழிக்க 1848. அதனை 60 ஆல் வகுக்க மீதி 48. கணக்கு ஒத்து வருகிறது.

இங்கேதான் பிழை நுழைகிறது. யான் முதுகலை பயின்ற காலத்தில் எழுதிய கட்டுரை ஒன்றில், ஐயரவர்கள் பிறப்பை 1854 என்று குறித்துவிட்டேன். ஆனந்த 1854 என்று அட்டவணையில் கண்டதும், அதற்கு மேல் எண்ணாமல் விட்டதே காரணம். ஆனந்த ஆண்டு என்பது 1854 ஏப்ரலில் தொடங்கி 1855 ஏப்ரலில் முடிந்தது. அது 1854 ஆம் ஆண்டும் அன்று. 1855 ஆம் ஆண்டும் அன்று. இரண்டின் பகுதிகளையும் உடையது. மாசி அதன் பதினோராம் மாதம். ஆதலால் ஆனந்த ஆண்டு மாசி என்பது 1855 பிப்ரவரி நடுவை ஒட்டி அமைந்தது. அட்டவணைகள் பல ஒரு பெயருக்கு எதிரே ஓர் ஆங்கில ஆண்டையே தருகின்றன. அவ்வெண் தொடக்க ஆண்டைக் குறிப்பது என்பதை மறந்தால், தை, மாசி, பங்குனி மாதங்களில் பிறந்தார் அனைவரும் ஓராண்டு மூத்தவராகிவிடுவர்.

சித்திரை முதல் கார்த்திகை முடிய உள்ள எட்டு மாதங்களுக்கும் தொடக்க ஆண்டே உரியது. தை முதல் பங்குனி வரைக்கும் அடுத்த ஆண்டு உரியது. மார்கழி ஒன்றே இரண்டாகப் பிளவுபடும் மாதம். அதன் முற்பகுதி டிசம்பரிலும் பிற்பகுதி சனவரியிலும் விழும். பிளவு எந்நாளில் என்பது நூற்றாண்டுதோறும் சிறிது மாறுகிறது. இக்காலத்தில் மார்கழி பிறப்பது டிசம்பர் 16 ஐ ஒட்டி. ஆதலால் டிசம்பர் 31 மார்கழி 16 அளவில் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மார்கழி டிசம்பர் 14 அளவில் பிறந்தது; அக்காலத்தில் டிசம்பர் 31 மார்கழி 18 அளவினது. தமிழ் ஆண்டு விண்மீன்களை ஒட்டியது. ஆங்கில ஆண்டு பருவங்களை ஒட்டியது. முன்னது பின்னதைவிடச் சிறிது நீண்டது. அதனால் ஏறத்தாழ 60 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் தமிழ் மாதப் பிறப்பு ஆங்கில நாள்களில் பின்தள்ளிச் செல்கிறது. மார்கழி 16, 17, 18 ஆம் நாள்களில் பிறந்ததாகக் குறிப்பு வரின், அவ்வாண்டுக்குரிய பஞ்சாங்கத்தைப் பாராமல் கி.பி. ஆண்டைத் துணிதல் கூடாது. மாதமே குறிக்கப்படவில்லையாயின், ‘1854-55’ என்று இணைத்தெழுதுவதே முறை. ஓராண்டைத் தேர்ந்து எழுதினால் இல்லாத அறிவை உள்ளதுபோல் காட்டியதாகும்.

வட்டம் எது?

ஆனந்த ஆண்டு மாசி என்பது 1735, 1795, 1855, 1915 ஆகிய ஆண்டுகளுள் எதிலும் இருக்கலாம். ஐயரவர்கள் திறத்தில் ஐயம் எழுவதில்லை. ஏனெனில் அவர் 1942 வரை வாழ்ந்தவர். அவர் தம் வாழ்வில் இரண்டு ஆனந்த ஆண்டுகளைக் கண்டார். பிறந்தது ஒன்று, அறுபது நிரம்பியது 1914-15 இல் வந்த மற்றொன்று. இங்ஙனம் அறுபதாம் ஆண்டு நிறைவு கொண்டாடிய செய்தி ஒருவரைப் பற்றிக் கிடைக்குமாயின், அது பிறந்த ஆண்டின் பெயரையே மறுபடியும் உறுதிப்படுத்தும். ஆனால் வட்டத்தைக் காட்டாது. அதற்கு வெளிச்சான்று வேண்டும்.

வெளிச்சான்றுகளுள் எளியது, ஊரார் நினைவில் பதிந்த நிகழ்ச்சி. தாது ஆண்டுப் பஞ்சம் அத்தகையது. தாது பத்தாவது பெயர். 1866 உடன் 10 கூட்ட 1876. அவ்வாண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அது. ‘தாது வருஷப் பஞ்சத்துக்கு இரண்டு வருஷம் முன்’ என்று கூறப்பட்ட பிறப்புக்கு வட்டம் பற்றிய வினாவே எழாது. அரியலூர்ப் பகுதிக்கே உரிய மற்றொரு நிகழ்ச்சி, 23-11-1956 அன்று அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இடிந்து புகைவண்டி ஆற்றில் விழுந்தது. அது துன்முகி ஆண்டு கார்த்திகை மாதம். ‘துன்முகி கார்த்திகை, ரயில் கவிழ்ந்த மாதம்’ என்று ஒரு முதியவர் பிறப்பு பற்றிக் குடும்பத்தார் கூறுவதாகக் கொள்வோம். துன்முகி முப்பதாவது, 1896, 1956, 2016 மூன்றும் பொருந்துவன. நிகழ்ச்சி 1956 ஐ நிலைநாட்டுகிறது; மாதம் நவம்பர், டிசம்பர் என்ற எல்லையையும் தருகிறது. ஆனால் ‘ரயில் கவிழ்ந்த வருஷம், தை’ என்றால் விடை 1957 ஆகும். நிகழ்ச்சியின் ஆங்கில ஆண்டை அப்படியே பிறப்புக்கு ஏற்றுவது, முன்னர்க் கூறிய பிழையே மீண்டும் வேறு வழியில் வருவதாகும்.

நிகழ்ச்சி இல்லாதவிடத்துக் கிழமை உதவும். இதனை ஐயரவர்களின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் பிறப்பைக்கொண்டு விளக்கலாம். அவர் பிறந்தது பவ ஆண்டு பங்குனி 26, வியாழக்கிழமை. பவ எட்டாவது. 1755, 1815, 1875 மூன்றும் வேட்பாளர்கள். அறுபது தமிழாண்டுகள் சேர்ந்தால் 21,915 நாளும் ஏறத்தாழ அரை நாளும் ஆகும். ஆகவே ஒரு தமிழ்த் தேதிக்கும், அறுபது ஆண்டு கழித்து வரும் அதே தேதிக்கும் இடையே 21,915 நாள் அல்லது 21,916 நாள் இருக்கும். இவற்றை ஏழால் வகுக்க மீதி 5 அல்லது 6. மீதி ஒருபோதும் சுழியாவதில்லை. அதாவது, அடுத்த வட்டத்தில் அதே தேதி அதே கிழமையில் வாராது. 1815 இல் பங்குனி 26 ஆகிய ஏப்ரல் 6 வியாழக்கிழமை. 1755 இல் பங்குனி 26 வெள்ளி அல்லது சனியாகவும், 1875 இல் செவ்வாய் அல்லது புதனாகவும் இருத்தல் வேண்டும். வியாழன் மூன்றனுள் 1815 க்கே பொருந்துகிறது. இரண்டு வட்டம் கழிந்தால் மீதி 4 அல்லது 5. மூன்று கழிந்தால் 2 அல்லது 3. நான்கு கழிந்தால் 1 அல்லது 2. ஐந்து வட்டங்களாகிய 300 ஆண்டு கழிந்த பின்னரே பழைய கிழமை மீள்வதற்கு இடமுண்டு. ஆகவே தேதியும் கிழமையும் சேர்ந்து கிடைக்குமாயின், ஏட்டின் எழுத்தமைதி முந்நூறு ஆண்டுக்குட்பட்டது என்று துணியக்கூடிய இடங்களில் வட்டம் ஒன்றே எஞ்சும்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. தமிழ்நாட்டு வழக்கில் ஞாயிறு இராசி மாறுவது மறைவதற்கு முன்னராயின், அன்றே மாதப் பிறப்பு, பின்னராயின் மறுநாள். எல்லை நேரத்தில் நிகழும் சங்கராந்தியில் ஒரு பஞ்சாங்கத்துக்கும் மற்றொன்றுக்கும் ஒரு நாள் வேறுபடலாம். அங்ஙனம் வேறுபட்டால் மீதி 6 ஏழாக மாறிக் கிழமைச் சோதனை ஏமாற்றிவிடும். மேலும் தமிழ் நாள் ஞாயிறு தோன்றுவதில் தொடங்குவது. ஆங்கில நாள் நள்ளிரவில் தொடங்குவது. புதன் இரவு மூன்று மணிக்குப் பிறந்த குழந்தை தமிழ்க் குறிப்பில் புதன்கிழமையது. ஆங்கிலக் குறிப்பில் வியாழக்கிழமையது. ஆதலால் கிழமை ஒரு நாள் விலகி நிற்குமாயின், குறிப்பைப் பிழையென்று தள்ளாமல் இக்காரணங்களைத் தேடுதல் வேண்டும்.

அவ்விடத்துத் திதியும் நட்சத்திரமும் துணை செய்யும். அறுபது தமிழாண்டு கழிந்த பின் அதே தேதியில் திதி ஏறத்தாழ நான்கு முன்னேறியிருக்கும். நட்சத்திரம் மூன்று அல்லது நான்கு முன்னேறியிருக்கும். ஒரு நாள் வேறுபாட்டால் இவை பழைய நிலைக்கு மீளா. சாதகக் குறிப்பில் நட்சத்திரம் தவறாமல் எழுதப்படுதலின், கிழமையைவிட இச்சான்றே பல இடங்களில் கிடைக்கிறது. 1799 வரை உள்ள காலத்துக்கு எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922 இல் வெளியிட்ட பெரும் பஞ்சாங்கத் தொகுதி நாள்தோறும் இவற்றைத் தருகிறது.

சக ஆண்டு எண்ணும் உடன் எழுதப்பட்டிருப்பின் வட்டம் பற்றிய கவலை இல்லை. ஆயினும் எண்ணை மட்டும் நம்புதல் ஆகாது. கழிந்த சகம் 1736 என்பதும், நடப்புச் சகம் 1737 என்பதும் ஒரே ஆண்டைக் குறிப்பன. இரண்டும் பவ ஆண்டே. எழுதியவர் எம்முறையைக் கொண்டார் என்பதை அவர் உடன் எழுதிய ஆண்டுப் பெயரே காட்டிக்கொடுக்கும். இவ்விடத்தில் வட்டத்தை எண் காட்டுகிறது. ஆண்டைப் பெயர் காட்டுகிறது.

பெயரிலேயே எழும் மயக்கம்

மேற்கூறிய கணக்கெல்லாம் பெயரைச் சரியாகப் படித்த பின்னரே பயன்படும். சுபகிருது முப்பத்தாறாவது, சோபகிருது முப்பத்தேழாவது. இவற்றை மாறிப் படித்தால் ஓராண்டு பிழைக்கும். துன்முகி முப்பதாவது, துன்மதி ஐம்பத்தைந்தாவது. சிதைந்த ஏட்டில் ‘துன்ம’ என்பதோடு எழுத்து மறைந்திருந்தால் ஊகித்து நிரப்புதல் இருபத்தைந்து ஆண்டுப் பிழைக்கு வழியாகும். விரோதி இருபத்துமூன்றாவது, விரோதிகிருது நாற்பத்தைந்தாவது. பவ, விபவ, பிரபவ, பராபவ என்பனவும் முன்னெழுத்துச் சிதைந்தால் ஒன்றுபோலத் தோன்றுவன. பழைய ஏட்டில் புள்ளி இடுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. சார்வரி, சர்வதாரி முதலியவற்றைப் படிக்குங்கால் இது நினைவில் இருத்தல் வேண்டும். ஓராண்டுப் பிழையைவிட இருபத்தைந்து ஆண்டுப் பிழை கொடியது. ஏனெனில் அது ஒரு மனிதன் வாழ்நாளுக்குள் அடங்குவது. படிப்பவர்க்குப் பொருந்தாமை தோன்றாது. இத்தகைய பெயர்களில் கிழமையோ நட்சத்திரமோ ஒத்துவந்த பின்னரே பாடத்தைத் துணிதல் வேண்டும்.

பெயர் சரியாகப் படிக்கப்பட்டிருப்பினும், அது யாருடைய ஆண்டு என்று கேட்டல் வேண்டும். பெரம்பலூர்ப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு யுகாதி. அது சித்திரை முதல் நாளுக்கு முன்னரே வந்துவிடும். பெயர் வரிசை ஒன்றே; தொடங்கும் நாள் வேறு. அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று தரலாம். 2023 இல் யுகாதி மார்ச்சு 22. தமிழ் ஆண்டுப் பிறப்பு ஏப்ரல் 14. இவ்விரண்டு நாளுக்கும் இடையில், ஏப்ரல் 5 இல் பிறந்த குழந்தை யுகாதிக் கணக்கில் சோபகிருது ஆண்டினது. தமிழ்க் கணக்கில் சுபகிருது ஆண்டுப் பங்குனியினது. அக்குழந்தையின் குறிப்பில் சோபகிருது என்றும், தமிழ் வழக்கை ஒட்டிப் பங்குனி என்றும் எழுதப்பட்டதாகக் கொள்வோம். நம் விதிப்படி சோபகிருதுப் பங்குனி 2024 ஆகிவிடும். உண்மை 2023. பங்குனி மாதக் குறிப்பு இத்தகைய குடும்பத்ததாயின் இருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வடநாட்டுப் பஞ்சாங்கப் பெயர்களோ இவற்றினும் வேறானவை. அங்கு வியாழனின் இயக்கத்தை ஒட்டி ஏறத்தாழ 85 ஆண்டுக்கு ஒரு பெயரை விட்டுவிடுவர். தென்னாட்டில் ஏறத்தாழ கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவ்வழக்கம் நின்றுபோயிற்று. ஆதலால் வடநாட்டு அட்டவணையைத் தமிழ் ஏட்டுக்குப் பயன்படுத்துதல் பல ஆண்டுப் பிழையில் முடியும்.

வயதைக்கொண்டு சரிபார்த்தல்

முடிந்த கணக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கி.பி. ஆண்டையே கொள்ளாமல், பெயர்களுக்கு இடையிலேயே வயதை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையவர்கள் மறைந்தது யுவ ஆண்டு தை மாதம், அஃதாவது 1-2-1876. அந்நாளில் மாணவர் சாமிநாதையருக்கு வயது என்ன? யுவ ஒன்பதாவது, ஆனந்த நாற்பத்தெட்டாவது. ஒன்பதோடு அறுபது கூட்டி நாற்பத்தெட்டைக் கழிக்க 21. ஆனால் பிறந்த மாதம் மாசி; ஆசிரியர் மறைந்த மாதம் தை. மாசி இன்னும் வரவில்லை. ஆதலால் இருபத்தொன்று நிரம்பவில்லை. நிரம்பிய வயது 20. நடப்பு வயது 21. ஆங்கில நாள்களைக்கொண்டு கணக்கிட்டாலும் இதுவே விடை. ஐயரவர்கள் பிறப்பை 1854 என்று கொண்டிருந்தால், 1876 இல் 1854 ஐக் கழித்து 22 என்று எழுதியிருப்போம். என் பழைய கட்டுரையில் இருந்தது அவ்வெண்ணே. ஆசிரியரை இழந்தபோது அவர் எத்தனை வயதினர், அதற்குமுன் எத்தனை ஆண்டு பாடம் கேட்டார் என்பன போன்ற வினாக்களுக்கு விடையெல்லாம் அந்த ஓராண்டால் இடம் பெயர்ந்தன.

இவ்வாறே ஐயரவர்கள் மறைந்த சித்திரபானு ஆண்டுச் சித்திரை, அஃதாவது 28-4-1942 ஐயும் சோதிக்கலாம். சித்திரபானு பதினாறாவது. ஆனந்தவிலிருந்து 28 ஆண்டு, அதனோடு இடையில் கழிந்த முழுவட்டம் 60, ஆக 88. மாசி வாராமையின் ஒன்று குறைய 87. பெயர்க் கணக்கும் ஆங்கில நாளும் ஒன்றுபடுகின்றன. ஒன்றுபடாவிடின் மூன்றில் ஒன்று நிகழ்ந்திருக்கும். மாதத்தைக் கருதாமல் தொடக்க ஆண்டை எடுத்திருக்கலாம். நடப்பு வயதை நிரம்பிய வயதாகக் கொண்டிருக்கலாம். பெயரைப் பிழையாகப் படித்திருக்கலாம். வேறுபாடு ஒன்றாயின் முதல் இரண்டனுள் ஒன்று. பலவாயின் மூன்றாவது அல்லது வட்டம்.

இப்பகுதி ஏடுகளை இனி ஆராய்வார் தம் குறிப்பில் மூன்றையும் தனித்தனியே எழுதி வைத்தல் நன்று. ஏட்டில் உள்ள பெயரும் மாதமும் உள்ளபடி ஒன்று; அதிலிருந்து பெற்ற கி.பி. ஆண்டு ஒன்று, வட்டத்தைத் துணிந்ததற்குரிய சான்று ஒன்று. மூன்றாவது இல்லாதவிடத்து, பொருந்தும் ஆண்டுகள் அனைத்தையும் எழுதி விடுதலே தகும். பின் வருவார்க்குக் கிழமையோ நட்சத்திரமோ ஊரார் சொல்லோ கிடைக்குங்கால், அவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வர்.